கொலைக்கும் போருக்கும் நடுவே 37 நாட்கள்
உலகப்போரின் காரணங்களை எழுதப்போகும் பிள்ளைகளுக்குச் சில அறிவுரைகள்

பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தைத் திறந்தால் முதல் பாடமே முதல் உலகப்போர்தான். நாங்குநேரியிலிருந்து பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக் கல்லூரிக்குப் போன பிறகும் அந்தக் கேள்வி உங்களை விடுவதில்லை. "முதல் உலகப்போரின் காரணங்களை விளக்குக" என்று அசைன்மென்ட் வந்து நிற்கும். ஆண்டாண்டாக வரலாற்று நோட்டுகளைத் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். பெரும்பாலான பிள்ளைகள் அணி சேர்க்கை, தீவிர தேசியம், ஏகாதிபத்தியப் போட்டி, பால்கன் பிரச்சினை, இளவரசர் கொலை என்று ஐந்து தலைப்புகளை அடுக்குகிறார்கள். ஐந்தும் சரியானவைதான். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்று எப்படி வந்தது என்பது எங்கேயும் இருக்காது. அதை எழுதும் முறையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

1. கேள்விக்கு முதலில் எல்லை கட்டுங்கள்.

"போரின் காரணங்கள்" என்று பொதுவாக எடுத்துக்கொண்டால் 1871இல் தொடங்கி நூறு செய்திகளை எழுதலாம். எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று தெரியாது. அதனால் அசைன்மென்ட்டின் முதல் பத்தியிலேயே கேள்வியைச் சுருக்கிக்கொள்ளுங்கள். "1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் நடந்த கொலை, ஆகஸ்ட் 4க்குள் ஐந்து ஐரோப்பிய வல்லரசுகளின் போராக மாறியது எப்படி?" இப்படிக் கேட்டால் உங்கள் கையில் 37 நாட்கள் இருக்கின்றன. பழைய காரணம் எதுவானாலும் இந்த 37 நாட்களில் எந்த முடிவை அது பாதித்தது என்று காட்ட முடிந்தால் உள்ளே வரட்டும். காட்ட முடியாவிட்டால் வெளியே நிற்கட்டும்.

2. கொலையைத் தனியாக எடைபோட்டுப் பாருங்கள்.

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதற்கு நல்ல உதாரணம் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில், நின்றிருந்த ரயில் பெட்டிக்குள் திருநெல்வேலி கலெக்டர் ஆஷை செங்கோட்டை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றார். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். பேரரசின் அதிகாரி ஒருவர், துப்பாக்கி ஏந்திய இளைஞர், பின்னால் ஒரு ரகசியக் குழு என்று எல்லாமே மூன்று ஆண்டுகள் கழித்துச் சரயேவோவில் நடந்ததைப் போலவே இருக்கின்றன. ஆனால் மணியாச்சிக் கொலை எங்கே போய் முடிந்தது? சென்னை உயர் நீதிமன்றத்தில் 14 பேர் மீது சதி வழக்கு நடந்தது. அந்தக் குழுவின் நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு ஆண்டு தண்டனை கிடைத்தது. அதோடு சரி.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 1898 செப்டம்பரில் ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பின் மனைவி எலிசபெத்தை ஜெனிவாவில் ஓர் இத்தாலியர் குத்திக் கொன்றார். அதே ஹாப்ஸ்பர்க் குடும்பம், அந்நிய நாட்டு மண், அந்நிய நாட்டுக்காரர். இருந்தும் போர் வரவில்லை. சுவிட்சர்லாந்து நீதிமன்றம் கொலையாளிக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது.

ஆகவே கொலை மட்டும் போரைக் கொண்டுவராது என்பது நிரூபணமாகிறது. சரயேவோவில் கூடுதலாக இருந்தது என்ன என்பதுதான் நீங்கள் எழுத வேண்டியது. பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டைச் சுட்ட கவ்ரிலோ பிரின்சிப் பொஸ்னியாவைச் சேர்ந்த செர்பியர். அவருக்கும் கூட்டாளிகளுக்கும் ஆயுதம் கிடைத்தது பெல்கிரேடில். கொடுத்தவர்களுக்குப் பின்னால் செர்பிய ராணுவ உளவுத்துறைத் தலைவர் திமித்ரியெவிச் இருந்தார். 1908இல் பொஸ்னியாவை ஆஸ்திரியா தன்னோடு இணைத்துக்கொண்டதிலிருந்து செர்பியாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் பகை. 1912, 1913 பால்கன் போர்களில் செர்பியா ஏறத்தாழ இரு மடங்காக வளர்ந்துவிட்டது. அதற்குப் பின்னால் ரஷ்யா நின்றது. மணியாச்சிக் கொலைக்குப் பின்னால் எந்த அரசும் இல்லை. சரயேவோவில், பகை நாடு ஒன்றும் அதைத் தாங்கும் வல்லரசு ஒன்றும் இருந்தன. பால்கன் பிரச்சினை உங்கள் அசைன்மென்ட்டுக்குள் நுழைய வேண்டிய இடம் இதுதான்.

3. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் நாளும் ஆளும் வேண்டும்.

"பதற்றம் அதிகரித்தது", "சூழ்நிலை மோசமானது" என்ற வாக்கியங்களை அடித்துவிடுங்கள். பதற்றம் தானாக அதிகரிப்பதில்லை. யாரோ ஒருவர் ஒரு நாளில் ஒரு முடிவை எடுக்கிறார். ரஃப் நோட்டில் நான்கு கட்டம் போட்டு நாள், முடிவெடுத்தவர், அவருக்கிருந்த வேறு வழி, அடுத்தவருக்கு ஏற்பட்ட நெருக்கடி என்று தலைப்பிடுங்கள். பிறகு நிரப்பிக்கொண்டே வாருங்கள்.

ஜூலை 5, 6: ஆஸ்திரியத் தூதர் பெர்லினுக்கு வருகிறார். செர்பியா மீது என்ன நடவடிக்கை எடுத்தாலும் துணை நிற்போம் என்று பேரரசர் இரண்டாம் வில்லியமும் பிரதமர் பெத்மான் ஹோல்வெக்கும் வாக்குக் கொடுக்கிறார்கள். வரலாற்றில் இதை வெற்றுக் காசோலை என்பார்கள். நிபந்தனை போட்டிருக்கலாம், போடவில்லை. தனியாக ரஷ்யாவை எதிர்க்க அஞ்சிய ஆஸ்திரியாவுக்கு இதனால் துணிச்சல் வந்தது.

ஜூலை 23: ஆஸ்திரியா பத்துக் கோரிக்கைகளோடு 48 மணி நேரக் கெடு விதிக்கிறது. கொலை நடந்து ஏறத்தாழ நான்கு வாரம் ஆகிவிட்டது. ஹங்கேரியப் பிரதமர் டிசா தொடக்கத்தில் போருக்குச் சம்மதிக்கவில்லை. பிரெஞ்சு ஜனாதிபதி புவான்கரே ரஷ்யாவில் விருந்தினராக இருந்தார். அவர் கிளம்பும் வரை காத்திருந்தார்கள். ஜூலை 25 அன்று செர்பியா பெரும்பாலான கோரிக்கைகளை ஏற்றது. செர்பிய மண்ணில் நடக்கும் விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகள் பங்கேற்பதை மட்டும் திட்டவட்டமாக மறுத்தது. ஜூலை 28 அன்று ஆஸ்திரியா போர் அறிவித்தது.

ஜூலை 30: ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸ் முழுப் படைதிரட்டலுக்கு உத்தரவிடுகிறார். முந்தின நாள் இரவு இதே உத்தரவை நிறுத்தியவரும் அவர்தான். அதாவது வேறு வழி இருந்தது, அவருக்கும் தெரிந்திருந்தது. ஆகஸ்ட் 1இல் ரஷ்யா மீதும், 3இல் பிரான்ஸ் மீதும் ஜெர்மனி போர் அறிவித்தது. 4ஆம் தேதி ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. அன்றிரவே பிரிட்டன் போரில் இறங்கியது.

4. கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைத் திறந்து காட்டுங்கள்.

மேலே எழுதியதைப் படித்ததும் உங்களுக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். சண்டை செர்பியாவைப் பற்றியது. படை திரட்டியது ரஷ்யா. அப்படியிருக்க ஜெர்மன் சிப்பாய் மேற்கே பெல்ஜியத்தில் ஏன் நிற்கிறான்? இந்தக் கேள்விக்கு விடை எழுதாத அசைன்மென்ட் பாதி அசைன்மென்ட்தான்.

விடை ஜெர்மனியின் போர்த்திட்டத்தில் இருக்கிறது. 1894இலிருந்து பிரான்சும் ரஷ்யாவும் கூட்டாளிகள். ஆகவே போர் வந்தால் இரண்டு முனையிலும் வரும் என்பது ஜெர்மன் தளபதிகளின் கணக்கு. ரஷ்யா பரந்த நாடு, ரயில் பாதைகள் குறைவு, படை சேர நாளாகும். அதற்குள், சுமார் ஆறு வாரத்தில், பிரான்சைத் தோற்கடித்துவிட்டுக் கிழக்கே திரும்ப வேண்டும் என்று தளபதி ஷ்லீஃபன் காலத்திலிருந்து திட்டம் தீட்டி வந்தார்கள். பிரெஞ்சு எல்லையில் கோட்டைகள் பலமாக இருந்ததால் பெல்ஜியம் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். பெல்ஜியத்து லீஜ் நகரம் கோட்டைகள் சூழ்ந்த ரயில் சந்திப்பு. படைதிரட்டல் தொடங்கிய சில நாட்களிலேயே அதைப் பிடித்தாக வேண்டும்.

இதன் விளைவைக் கவனியுங்கள். ரஷ்யா படையைத் திரட்டித் தன் எல்லைக்குள்ளேயே பல நாட்கள் நிறுத்தி வைத்துக்கொண்டு பேச்சுவார்த்தை நடத்த முடியும். ஜெர்மனியால் முடியாது. அதன் படைதிரட்டல் என்றாலே அடுத்த நாட்டுக்குள் நுழைவது என்றுதான் பொருள். ஆகவே ரஷ்யாவின் ஜூலை 30 உத்தரவு வந்ததும் ஜெர்மனியின் ஆறு வாரக் கணக்கு ஓடத் தொடங்கியது. பேசத் தாமதித்தால் திட்டமே பாழ் என்று தளபதி மோல்ட்கே நெருக்கினார். "ராணுவவாதம்" என்று ஒற்றைச் சொல்லில் எழுதிவிட்டுப் போவதற்குப் பதில் இந்த வழியை விளக்கினால், அந்தச் சொல்லுக்கு உயிர் வரும்.

5. "அணி இருந்தது, ஆகவே போர் வந்தது" என்று எழுதாதீர்கள்.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. ஓர் அணியில் ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி. எதிர் அணியில் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா. ஒரு நாடு இறங்கியதும் மற்றவை தாமாக இறங்கின என்று எழுதுகிறார்கள். இத்தாலியை வைத்துச் சோதித்துப் பாருங்கள். 1882 ஒப்பந்தப்படி அது ஜெர்மனி, ஆஸ்திரியாவின் கூட்டாளி. 1914இல் ஒப்பந்தம் தற்காப்புக்கு மட்டும்தான், ஆஸ்திரியாதான் முதலில் தாக்கியது என்று சொல்லி ஒதுங்கியது. 1915 மே மாதம் எதிர் அணியிலேயே சேர்ந்தது.

பிரிட்டனையும் சோதியுங்கள். 1904இல் பிரான்சோடும் 1907இல் ரஷ்யாவோடும் அது செய்துகொண்டவை குடியேற்ற நாடுகள் பற்றிய தகராறுகளைத் தீர்க்கும் உடன்பாடுகள். பிரான்சுக்காகப் போரிட வேண்டும் என்ற கட்டாயம் அவற்றில் இல்லை. அமைச்சரவையே பிளவுபட்டு நின்றது. மார்லி, பர்ன்ஸ் என்ற இரு அமைச்சர்கள் பதவி விலகினார்கள். மற்றவர்களை ஒன்று சேர்த்தது பெல்ஜியம். அதன் நடுநிலைக்கு 1839 லண்டன் ஒப்பந்தத்தில் பிரிட்டனும் கையெழுத்திட்டிருந்தது. பிரான்ஸ் வீழ்ந்து எதிர்க்கரை முழுவதும் ஜெர்மனியிடம் போய்விடுமோ என்ற அச்சமும் கூட இருந்தது.

ஆகவே இப்படி எழுதுங்கள்: அணிகள் போரைத் தாமாக மூட்டவில்லை. போர் வந்தால் யார் யார் வருவார்கள் என்ற எதிர்பார்ப்பை உண்டாக்கின. அந்த எதிர்பார்ப்பில்தான் திட்டங்கள் போடப்பட்டன. காரணத்தின் அளவு சரியாக இருக்க வேண்டும்; கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு.

6. சான்றை வெளியிட்டவர் யார் என்று பாருங்கள்.

போர் தொடங்கியதும் ஒவ்வொரு அரசும் தன் தந்திகளையும் கடிதங்களையும் தொகுத்துப் புத்தகம் போட்டது. ஜெர்மனிக்கு வெள்ளைப் புத்தகம், பிரிட்டனுக்கு நீலம், ரஷ்யாவுக்கு ஆரஞ்சு, பிரான்சுக்கு மஞ்சள், ஆஸ்திரியாவுக்குச் சிவப்பு. எல்லாவற்றிலும் இருப்பவை அரசு ஆவணங்கள். எல்லாம் தங்கள் பக்கத்துக்குச் சாதகமாகப் பொறுக்கி எடுத்தவை. பிரான்சின் மஞ்சள் புத்தகத்தில், ஆஸ்திரியா முழுப் படைதிரட்டலை முதலில் தொடங்கியதால்தான் ரஷ்யா தொடங்கியது என்று தோன்றும்படி ஒரு தந்தியையே மாற்றி அச்சிட்டார்கள். உண்மையில் ரஷ்ய உத்தரவு ஜூலை 30, ஆஸ்திரிய உத்தரவு ஜூலை 31. ஒரு நாள் முன்பின்னானதும் காரணம் விளைவாகிவிடுகிறது, விளைவு காரணமாகிவிடுகிறது. அதனால்தான் தேதிகளை இரண்டு இடத்தில் சரிபாருங்கள் என்கிறேன்.

வரலாற்று ஆசிரியர்களையும் இப்படியே அணுகுங்கள். 1919 வெர்சாய் உடன்படிக்கையின் 231ஆம் பிரிவு போரின் இழப்புகளுக்கு ஜெர்மனியையும் அதன் கூட்டாளிகளையும் பொறுப்பாக்கியது. அது வென்றவர்கள் எழுதியது. 1961இல் பிரிட்ஸ் பிஷர் என்ற ஜெர்மானியரே தன் நாட்டு ஆவணங்களைக் காட்டி ஜெர்மனியின் பொறுப்பு பெரிது என்று எழுதினார். தன் நாட்டுக்கு எதிராகப் பேசும் சாட்சிக்குத் தனி எடை உண்டு. 2012இல் கிறிஸ்டோபர் கிளார்க் பொறுப்பைப் பல தலைநகரங்களுக்கும் பகிர்ந்து காட்டினார். இருவரையும் பெயர் சொல்லிவிட்டு ஓடாமல், எந்த ஆவணத்தை யார் முக்கியமாக்கினார் என்று எழுதுங்கள்.

7. நடுநிலை என்றால் பழியைச் சரிபாதி பிரிப்பது இல்லை.

ஒரு கூற்றை எடுத்து, ஆதரவாக உள்ளதையும் எதிராக உள்ளதையும் வைத்து, பிறகு முடிவு சொல்ல வேண்டும். பிள்ளைகள் வழக்கமாக எழுதுவது இப்படி இருக்கும்:

"ஜெர்மன் பேரரசரின் ஆக்கிரமிப்பு மனப்பான்மையும் போருக்கு ஒரு காரணம் ஆகும். மற்ற நாடுகளும் காரணம் ஆகும்."

இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"போர் விரிவடைந்ததில் ஜெர்மனியின் பங்கு பெரிது. ஜூலை 5, 6இல் நிபந்தனையின்றிக் கொடுத்த வாக்கே ஆஸ்திரியாவைத் துணிய வைத்தது. ஆனால் வில்லியம் தொடக்கம் முதலே ஐரோப்பியப் போரை விரும்பினார் என்று சொல்ல முடியாது. ஜூலை 28 அன்று செர்பியாவின் பதிலைப் படித்தபோது, இனிப் போருக்குக் காரணமே இல்லை என்று அவர் குறிப்பு எழுதினார். ஆஸ்திரியப் படை பெல்கிரேடோடு நின்றுவிடலாம் என்றும் யோசனை சொன்னார். அந்த யோசனை வியன்னாவுக்குப் போய்ச் சேருமுன் போர் அறிவிக்கப்பட்டுவிட்டது. முழுப் படைதிரட்டலில் ரஷ்யா முந்தியதும் உண்மை. இருந்தாலும், நடுநிலை நாடான பெல்ஜியத்துக்குள் நுழைந்தே தீர வேண்டிய திட்டத்தைத் தவிர வேறு திட்டம் ஜெர்மனியிடம் இல்லை. ஆகவே நெருக்கடியைத் தொடங்கியதில் ஆஸ்திரியாவுக்கும், அதைப் பெரும்போராக்கியதில் ஜெர்மனிக்கும், பேச்சுக்கு இருந்த கால அவகாசத்தைக் குறைத்ததில் ரஷ்யாவுக்கும் பங்கு உண்டு."

இரண்டாவதில் "ஆனால்", "இருந்தாலும்", "ஆகவே" என்ற மூன்று சொற்களும் வெவ்வேறு வேலை செய்கின்றன. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு தேதியோ ஆவணமோ நிற்கிறது. செர்பிய உளவுத்துறைத் தலைவருக்குத் தொடர்பு இருந்தது என்று எழுதலாம், ஆதாரம் உண்டு. செர்பிய அரசே கொலைக்குக் கட்டளையிட்டது என்று எழுதக்கூடாது, அதற்கு ஆதாரம் இல்லை. இந்த வேறுபாட்டை விடாமல் கடைப்பிடிப்பதே நடுநிலை.

8. பின்னால் நடந்ததை முன்னால் கொண்டுவராதீர்கள்.

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது நமக்கு நெருக்கமான செய்தி. ஆனால் அது போரின் விளைவு. அமெரிக்கா 1917இல் நுழைந்ததும் தொடக்கக் காரணம் ஆகாது. நம் நாட்டைச் சேர்க்க விரும்பினால் சங்கிலியின் கடைசிக் கண்ணியாகச் சேருங்கள். பிரிட்டன் போர் அறிவித்ததும் இந்திய மக்களைக் கேட்காமலேயே இந்தியாவும் போரில் சேர்க்கப்பட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள். இவர்களில் ஒருவருக்கும் அந்த 37 நாட்களின் முடிவுகளில் பங்கு இல்லை.

9. "தவிர்க்க முடியாதது" என்று முடிக்காதீர்கள்.

1912, 1913இல் பால்கன் பகுதியில் இரண்டு போர்கள் நடந்தன. அதே அணிகள், அதே ஆயுதப் போட்டி, அதே பகை. ஆனாலும் லண்டனில் தூதர்கள் கூடிப் பேசிப் பெரும்போரைத் தடுத்தார்கள். அடுத்த ஆண்டு தடுக்கவில்லை. பழைய காரணங்கள் போரைச் சாத்தியமாக்கின. நடத்தி வைத்தவை 1914 ஜூலையில் சிலர் எடுத்த முடிவுகள். உங்கள் கடைசிப் பத்தி அந்த முடிவுகளில் மிகக் கனமானது எது, ஏன் என்று ஒரு தீர்ப்பைச் சொல்ல வேண்டும். ஆசிரியரின் தீர்ப்பு வேறாக இருக்கலாம். அதற்காக அஞ்ச வேண்டாம். எழுதி முடித்ததும் நோட்டை மூடுமுன் ஒவ்வொரு "ஆகவே"க்கும் அடியில் கோடு போட்டுப் பாருங்கள். அதற்கு முன்னால் உள்ள வாக்கியம் அதைத் தாங்கவில்லை என்றால், அந்த இடத்தில் ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது. தேடி எழுதிவிட்டுப் பிறகு கொண்டுபோய்க் கொடுங்கள்.